பித்தப்பை எடுத்த அக்காவுக்கு வாட்சாப்பில் என்ன எழுதுவது?

வணக்கம் சிஸ்டர். நான் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், கியூசி பிரிவில் வேலை செய்கிறேன். பக்கத்து மேசையில் இருக்கும் அக்காவுக்குப் பித்தப்பையில் கல். வரும் செவ்வாய்க்கிழமை துளை போட்டுப் பித்தப்பையை எடுக்கப் போகிறார்கள். ஓர் இரவு தங்கிவிட்டு மறுநாள் பட்டர்வொர்த்தில் உள்ள வீட்டுக்குப் போய்விடலாம் என்று சொல்லியிருக்கிறார்களாம். ஆப்பரேஷன் முடிந்ததும் அனுப்ப இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: "அன்புள்ள அக்கா, தாங்கள் விரைவில் பூரண குணமடைய எல்லாம் வல்ல இறைவனைப் பிரார்த்திக்கிறேன். எதற்கும் கவலைப்பட வேண்டாம், எல்லாம் நன்மைக்கே. நீங்கள் இல்லாமல் எங்களுக்கு வேலையே ஓடவில்லை. சீக்கிரம் திரும்பி வாருங்கள். எந்த உதவி தேவைப்பட்டாலும் தயங்காமல் சொல்லுங்கள்." படித்துப் பார்த்த என் மனைவி, பேங்க்கிலிருந்து வந்த கடிதம் மாதிரி இருக்கிறது என்று சிரிக்கிறாள். "பித்தப்பை போனால் என்ன அக்கா, இனி உங்கள் பங்கு நாசி கண்டாரும் எனக்குத்தான்" என்று ஒரு ஜோக்கும் யோசித்தேன். அதை அனுப்பலாமா? அக்கா என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், ஆனால் கலகலப்பாகப் பேசுவோம். எங்கள் லேபல் பிரிண்டர் அவர் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினால்தான் ஓடும். காலை பத்து மணிக்கு அவர் பிளாஸ்க்கில் கொண்டுவரும் இஞ்சி டீயில்தான் எங்கள் பாதிப் பிரிவு உயிர் வாழ்கிறது.
— பிறையிலிருந்து ஒரு வாசகர்

தம்பி, அந்த ஜோக்கை அனுப்ப வேண்டாம். எழுதி வைத்திருக்கும் செய்தியையும் அப்படியே அனுப்ப வேண்டாம். ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளை வைத்துக்கொள்ளுங்கள். பிரிண்டரும் இஞ்சி டீயும் போதும், செய்தி அங்கேதான் இருக்கிறது.

அறுவை சிகிச்சை வார்டில் தாதியாக வேலை பார்த்தவள் என்பதால், முதலில் உங்கள் அக்கா அந்தச் செய்தியை எந்த நிலையில் படிப்பார் என்பதைச் சொல்கிறேன். அது தெரிந்தால் என்ன எழுதலாம், எதை விடலாம் என்பது பாதி தானாகவே புரியும்.

துளை வழியாகப் பித்தப்பையை எடுக்கும்போது, வழக்கமாக வயிற்றில் நான்கு சிறிய வெட்டுகள் போடுவார்கள். உள்ளே இடம் கிடைப்பதற்காகக் கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தி வயிற்றை உப்ப வைப்பார்கள். முடிந்ததும் வாயுவை வெளியே எடுத்துவிடுவார்கள், ஆனால் கொஞ்சம் உள்ளே தங்கிவிடும். அது உதரவிதானத்தை உறுத்தும். அந்த உறுத்தலை உடம்பு தோள்பட்டை வலியாக உணரும். அதனால்தான் மறுநாள் பலர், "வயிற்றில்தானே வெட்டினார்கள், தோள் ஏன் இப்படி வலிக்கிறது?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில், சிலருக்கு இன்னும் சற்றுத் தள்ளி, அது அடங்கிவிடும். மயக்க மருந்தின் கனம் முதல் 24 மணி நேரமாவது இருக்கும். அந்த நேரத்தில் கார் ஓட்டக்கூடாது, முக்கியமான காகிதங்களில் கையெழுத்துப் போடக்கூடாது என்று சொல்லித்தான் அனுப்புவோம். வலி மாத்திரையும் சேர்ந்தால் தூக்கம் தூக்கமாக வரும். போனைத் திறந்தால் எழுத்துகள் மிதக்கும். ஐந்து வரிச் செய்தியில் மூன்றாவது வரியிலேயே கண் மூடிவிடும்.

இன்னொன்று, உங்களைப் போலச் சிரிக்க வைக்க நினைப்பவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது: வயிற்றில் தையல் இருக்கும்போது சிரித்தால் வலிக்கும். இருமினாலும் தும்மினாலும் அப்படித்தான், ஏனென்றால் மூன்றுக்குமே வயிற்றுத் தசைகள் இறுகுகின்றன. இருமல் வந்தால் ஒரு தலையணையை வயிற்றில் அணைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று நாங்கள் சொல்லிக்கொடுப்போம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், அந்தப் போனை வாங்கி வையுங்கள், என் தம்பி ஏதேதோ அனுப்புகிறான்" என்று கெஞ்சிய நோயாளிகள் உண்டு. ஆகவே முதல் இரண்டு மூன்று நாளுக்கு உங்கள் இலக்கு புன்னகைதான். வெடிச் சிரிப்பு அடுத்த வாரத்துக்கு இருக்கட்டும்.

இப்போது உங்கள் நகலுக்கு வருவோம். பூரண குணமடையப் பிரார்த்திக்கும் முதல் வரியில் தவறு ஒன்றும் இல்லை. அதே வரி அன்று அவர் போனில் இன்னும் பல பேரிடமிருந்து, பூங்கொத்துப் படத்தோடும் சாமி படத்தோடும் வந்திருக்கும், அவ்வளவுதான். உங்கள் பெயரை மறைத்துவிட்டால் யார் அனுப்பியது என்று அவருக்குத் தெரியாது. "கவலைப்பட வேண்டாம், எல்லாம் நன்மைக்கே" என்பது கொஞ்சம் சிக்கலானது. எடுத்த பித்தப்பையைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பிப் பார்ப்பது பரவலாக உள்ள வழக்கம். பெரும்பாலும் முடிவில் கல்லையும் வீக்கத்தையும் தவிர ஒன்றும் இருக்காது. ஆனாலும் அந்த முடிவு கைக்கு வரும்வரை சிலருக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருக்கும். கவலையே படாதே என்று சொன்னால், அந்தப் பயத்தை உங்களிடம் சொல்லும் வழியை நீங்களே அடைத்ததாக ஆகும்.

அதைவிடப் பெரிய தொல்லை அடுத்த இரண்டு வரிகளில். "நீங்கள் இல்லாமல் வேலையே ஓடவில்லை" என்பதை நீங்கள் பாராட்டாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். படுத்திருப்பவர் அதை வேறு மாதிரி படிப்பார். தன்னால் பிரிவு தவிக்கிறது, தன் வேலை மற்றவர் தலையில் விழுந்திருக்கிறது என்று அவருக்குத் தோன்றும். உடனே "சீக்கிரம் வாருங்கள்" என்று வேறு சேர்த்துவிட்டீர்கள். துளை வழி அறுவைக்குப் பிறகு பலர் சுமார் இரண்டு வாரத்தில் வழக்கமான நடமாட்டத்துக்குத் திரும்பிவிடுவார்கள். கனமான பொருளைத் தூக்குவதற்கு நான்கு முதல் ஆறு வாரம்வரை பொறுக்கச் சொல்வார்கள். உங்கள் பிரிவில் பலகைப் பெட்டிகளைத் தூக்கும் வேலை இருக்குமானால் அது அவருக்கு முக்கியம். நம் நாட்டில் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டமே, மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற வேண்டிய ஊழியருக்கு வருடத்தில் 60 நாள்வரை சம்பளத்தோடு விடுப்பு தருகிறது. சட்டம் கொடுத்திருக்கும் நாட்களை ஆசையோடு எழுதிய ஒரு வாட்சாப் வரி பறித்துவிடக்கூடாது. உங்கள் அக்கா மாதிரியான ஆட்களை எனக்குத் தெரியும். எம்.சி. முடிய நான்கு நாள் இருக்கும்போதே, "சும்மா உட்கார்ந்துதானே வேலை பார்க்கப் போகிறேன்" என்று கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடுவார்கள்.

கடைசி வரி, "எந்த உதவி தேவைப்பட்டாலும்." இதைப் பிறகு பார்ப்போம்.

நாசி கண்டார் ஜோக்குக்கு வருகிறேன். அது ஏன் உங்களுக்குச் சிரிப்பாக இருக்கிறது என்று எனக்குப் புரிகிறது. நீங்கள் இருவரும் பல மதியங்கள் ஒரே தட்டு வரிசையில் நின்றிருப்பீர்கள். ஆனால் அந்த வாரத்தில் அந்த அக்காவிடம் ஏற்கெனவே மாமியாரும் பக்கத்து வீட்டாரும் ஒன்றுவிட்ட தங்கையும், "எண்ணெயும் கறியுமாகச் சாப்பிட்டால் கல் வராமல் என்ன செய்யும்" என்று சொல்லியிருப்பார்கள். பித்தக்கல்லுக்குக் காரணம் பல. வயது, குடும்ப வாகு, பிள்ளைப்பேறு, உடல் எடை, வேகமாக எடை குறைவது என்று போகும் அந்தப் பட்டியலில் உணவும் ஒன்று. உங்கள் ஜோக், நீங்கள் நினைக்காமலேயே, மாமியார் பக்கம் சேர்ந்துவிடும். இன்னொன்று, அது மருத்துவப்படியும் தவறு. பித்தநீரைச் சுரப்பது ஈரல். பித்தப்பை அதைச் சேமித்து வைக்கும் பை மட்டும்தான். பை போனாலும் பித்தநீர் ஈரலிலிருந்து நேராகக் குடலுக்குப் போய்க்கொண்டிருக்கும். கொழுப்பான சாப்பாட்டுக்குப் பிறகு சிலருக்குக் கொஞ்ச காலம் வயிறு உப்பும், பேதியாகும். பெரும்பாலோர் மெல்ல மெல்லப் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அதாவது அவர் பங்கு நாசி கண்டார் அவருக்கே கிடைக்கும், தம்பி. நீங்கள் ஆசைப்பட வேண்டாம்.

இதிலிருந்து நான் நோயாளிகளின் சொந்தக்காரர்களிடம் சொல்லும் ஒரே விதி வருகிறது. வேடிக்கை கட்டிலைச் சுற்றி இருக்கலாம், கட்டிலில் படுத்திருப்பவரின் உடம்பில் இருக்கக்கூடாது. தழும்பு, எடை, சாப்பாடு, மயக்கத்தில் உளறியது, மருத்துவமனைக் கவுன், இவையெல்லாம் அவர் உடம்பு. அவற்றைப் பற்றி அவரே முதலில் வேடிக்கை செய்தால் கூடச் சிரிக்கலாம், அதற்கு மேல் ஒரு படி போகக்கூடாது. பிரிண்டர், கேண்டீன், சூப்பர்வைசர், பாலத்து நெரிசல், உங்கள் அசட்டுத்தனம், இவையெல்லாம் கட்டிலுக்கு வெளியே உள்ளவை. அங்கே தாராளமாகக் கை வைக்கலாம்.

சரி, எழுதுவோம். நான் உங்களை ஒரு செய்திக்குப் பதில் இரண்டு அனுப்பச் சொல்கிறேன். அறுவை நடந்த செவ்வாய்க்கிழமை ஒன்றும் வேண்டாம். அக்காவின் மகளோடு தொடர்பு இருந்தால், நல்லபடியாக முடிந்ததா என்று அவளிடம் மட்டும் கேளுங்கள். இதை விட்டுவிடாதீர்கள், காரணம் இருக்கிறது. துளை வழியாக ஆரம்பித்த அறுவை சில சமயம் நடுவில் வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையாக மாறும். உள்ளே வீக்கமோ ஒட்டலோ அதிகமாக இருந்தால் அறுவை மருத்துவர் பாதுகாப்புக்காக அப்படி முடிவெடுப்பார். அப்படி நடந்தால் வெட்டு நீளம், மருத்துவமனையில் தங்கும் நாட்கள் கூடும், தேறி வரவும் வாரக்கணக்கில் ஆகும். ஓர் இரவு என்று நினைத்து உள்ளே போனவருக்கு அது பெரிய ஏமாற்றம். அந்த நேரத்தில் உங்கள் கலகலப்பு காதில் ஏறாது. மகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் இது தெரிந்துவிடும்.

எல்லாம் திட்டப்படி நடந்தது என்று வைத்துக்கொள்வோம். புதன்கிழமை அவர் வீடு சேர்ந்த பிறகு, மாலையில் முதல் செய்தி:

"அக்கா, நீங்கள் வீடு வந்து சேர்ந்ததாக மகள் சொன்னாள். கேட்டதும் நிம்மதியாக இருந்தது. உங்கள் மேசை வேலையை நாங்கள் மூன்று பேர் பிரித்துக்கொண்டோம், ஒன்றும் தேங்கவில்லை. இதற்குப் பதில் போட வேண்டாம், தூங்குங்கள்."

அவ்வளவுதான். இதில் வேடிக்கை இல்லை, அதுவும் வேண்டுமென்றேதான். "வேலையே ஓடவில்லை" என்பதற்கு நேர் எதிரான செய்தியை இரண்டாவது வாக்கியத்துக்குப் பிறகு கொடுத்திருக்கிறேன். அது உண்மையாகவும் இருக்க வேண்டும். புதன்கிழமைக்குள் மூன்று பேர் உட்கார்ந்து வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள், அப்புறம் அனுப்புங்கள். "பதில் போட வேண்டாம்" என்பதுதான் இந்தச் செய்தியில் மிக அக்கறையான இடம். நம் ஆட்களுக்கு வாழ்த்து வந்தால் பதில் சொல்லாமல் இருக்க மனம் வராது. ஒரு கையில் டிரிப் போட்டிருக்க, மறு கையால் ஒவ்வொருவருக்கும் கைகூப்பும் படம் அனுப்பிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கடமையை எடுத்துவிட்டாலே படிப்பவருக்கு ஒரு பாரம் குறையும்.

இதை உங்கள் பிரிவின் வாட்சாப் குழுவில் போடாதீர்கள். தனியாக அனுப்புங்கள். குழுவில் ஒருவர் "என்ன ஆப்பரேஷன்?" என்று கேட்பார், இன்னொருவர் நல்லெண்ணத்தோடு விளக்கமே கொடுத்துவிடுவார். அக்கா தன் வயிற்றைப் பற்றி யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

இரண்டாவது செய்திதான் முக்கியமானது. அதை ஞாயிறு அல்லது திங்கட்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் போன் ஓயாமல் சிணுங்கும். பழம் வரும், கோழிச் சாறு புட்டி வரும், யாராவது ஒருவர் கட்டாயம் விரால் மீன் சூப்போடு வந்து நிற்பார். ஐந்தாம் ஆறாம் நாள் எல்லோரும் அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். வலி குறைந்திருக்கும், தூக்கமும் தெளிந்திருக்கும், ஆனால் வீட்டை விட்டு அதிகம் வெளியே போக முடியாது. பகல் நேரத்துத் தொலைக்காட்சித் தொடரைத் தவிர வேறு துணை இருக்காது. உங்கள் பிரிண்டர் கதைக்கு அதுதான் நல்ல நேரம்.

அதை எழுத உட்கார்ந்தால் உங்களுக்கு முதலில் வருவது இப்படித்தான் இருக்கும்: "அக்கா, நீங்கள் இல்லாமல் பிரிண்டர் அசையவே மாட்டேன் என்கிறது. எல்லோரும் தட்டிப் பார்த்துவிட்டோம். நீங்கள் வந்தால்தான் அதற்கு உயிர் வரும்." படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. முன்பு சொன்ன அதே கோளாறு இதிலும் ஒளிந்திருக்கிறது, பார்த்தீர்களா? கதை முடியவில்லை, பிரிண்டர் இன்னும் நின்றபடியே இருக்கிறது. படுத்திருப்பவர் மனம் உடனே தொழிற்சாலைக்கு ஓடிவிடும். லேபல் இல்லாமல் பெட்டிகள் எப்படிப் போகின்றன, இரவு ஷிப்டில் யார் இருக்கிறார்கள் என்று யோசிப்பார். ஐந்து நிமிடத்தில் சூப்பர்வைசருக்குப் போன் போடுவார். வேலையிடத்து வேடிக்கையை நோயாளிக்குச் சொல்வதானால், அந்தப் பிரச்சினை செய்திக்குள்ளேயே தீர்ந்துவிட வேண்டும்.

ஆகவே இப்படி:

"அக்கா, பசியாறியாச்சா? ஒரு கதை சொல்ல வந்தேன். வெள்ளிக்கிழமை காலை லேபல் பிரிண்டர் நின்றுவிட்டது. நீங்கள் தட்டும் அதே பக்கத்தில், அதே மாதிரி இரண்டு தட்டு தட்டினேன். என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. சூப்பர்வைசர் வந்து தட்டினார். அவர் பதவிக்கு மரியாதை கொடுத்து ஒரே ஒரு வெற்று லேபலைத் துப்பியது. பிறகு டெக்னீஷியன் வந்து ரோலரைத் துடைத்துவிட்டுப் போனார், அன்றிலிருந்து ஒழுங்காக ஓடுகிறது. தட்டுவதெல்லாம் வேண்டாம், தூசிதான் என்று அவர் சொன்னதை நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் மானம் என் கையில் பத்திரமாக இருக்கிறது. பத்து மணிக்குக் கேண்டீன் டீதான் குடிக்கிறோம். அதைப் பற்றி எழுதினால் உங்களுக்கு மறுபடி வயிறு வலிக்கும், அதனால் விட்டுவிடுகிறேன். புதன்கிழமை வேலை முடிந்து பட்டர்வொர்த் வழியாகத்தான் வருகிறேன். எம்.சி. தாளை எச்.ஆரில் கொடுக்க வேண்டுமானால் மகளை எனக்கு 'சரி' என்று மட்டும் அனுப்பச் சொல்லுங்கள், வாசலில் வாங்கிக்கொண்டு போய்விடுவேன். வேண்டாம் என்றால் ஒன்றும் அனுப்ப வேண்டாம்."

இதை அப்படியே நகலெடுக்காதீர்கள். நான் பிரிண்டரைப் பற்றி இட்டுக்கட்டியிருக்கிறேன். உங்கள் பிரிவில் அந்த வாரம் உண்மையில் என்ன நடந்ததோ அதை எழுதுங்கள். பொய்க் கதை என்றால் அடுத்த நாளே இன்னொரு தோழி போனில் பேசும்போது வெளுத்துவிடும். பிரிண்டர் சமர்த்தாக ஓடினால், "நீங்கள் இல்லாத வாரம் பார்த்து ஒருமுறைகூட நிற்கவில்லை, உங்களை மாட்டிவிடப் பார்க்கிறது" என்று எழுதலாம். அதுவும் வேடிக்கைதான். அவரைத் தவிர வேறு யாருக்கும் அனுப்ப முடியாத செய்தியாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் கணக்கு.

சில இடங்களைக் கவனியுங்கள். கதையில் சிரிப்புக்கு ஆளாவது நீங்கள், சூப்பர்வைசர், பிரிண்டர். அக்காவைக் கடைசியில் லேசாகச் சீண்டியிருக்கிறேன். ஆனால் சீண்டுவது அவர் சாமர்த்தியத்தை, அதுவும் நீங்கள் அதைக் காப்பாற்றுகிறவராக நின்றுகொண்டு. பதினைந்து வயது மூத்தவரிடம் அந்த அளவு உரிமை போதும். உங்கள் நகலில் "தாங்கள்" என்று ஆரம்பித்து "சொல்லுங்கள்" என்று முடித்திருந்தீர்கள். தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவர் திடீரென்று தாங்கள் என்றால், தன் நிலைமை அவ்வளவு மோசமா என்று ஒரு கணம் யோசிப்பார். நேரில் பேசும் மரியாதையிலேயே எழுதுங்கள். பசியாறியாச்சா என்று தொடங்கியதும் அதற்காகத்தான். தினமும் காலையில் நீங்கள் கேட்பது அதுதானே? "இப்போது எப்படி இருக்கிறீர்கள்?" என்று ஆரம்பித்தால் அவர் மறுபடியும் தோள் வலி, தையல், மாத்திரை என்று அறிக்கை கொடுக்க வேண்டும். அந்த அறிக்கையைப் பெரியம்மாவில் ஆரம்பித்து எல்லோருக்கும் கொடுத்து முடித்திருப்பார்.

உதவி பற்றி. "எந்த உதவி தேவைப்பட்டாலும் சொல்லுங்கள்" என்றால், என்ன உதவி என்று யோசிப்பது, உங்களால் முடியுமா என்று கணிப்பது, கேட்கக் கூச்சப்படுவது, எல்லாமே நோயாளியின் வேலையாகிவிடுகிறது. நான் பார்த்தவரை அதற்குப் பதிலாக யாரும் எதையும் கேட்டதில்லை. அதனால்தான் ஒரு குறிப்பான வேலை, ஒரு கிழமை, ஒரு வழி என்று எழுதியிருக்கிறேன். வாசலிலேயே வாங்கிக்கொள்வதாகச் சொன்னதும் கணக்குப் பார்த்துத்தான். உள்ளே வருவீர்கள் என்றால் அவர் எழுந்து தலைவாரி, நைட்டியை மாற்றி, உங்களுக்குத் தேநீர் போடச் சொல்லி மகளை விரட்டுவார். எம்.சி. தாளை முன்பே கொடுத்துவிட்டிருந்தால் வேறு ஏதாவது சிறிய வேலையைப் பாருங்கள். அவர் லாக்கரில் விட்டுவந்த கண்ணாடி, அலுவலகக் கூட்டுச் சீட்டுக்குக் கட்ட வேண்டிய அந்த மாதத்துப் பணம், மருத்துவமனை மறுபரிசோதனைக்குப் போகும் நாளில் ஒரு கார். எதுவானாலும் ஒன்று மட்டும் சொல்லுங்கள், மறுப்பதற்கு அவர் ஒன்றும் செய்ய வேண்டியிராதபடி சொல்லுங்கள்.

இறைவனைப் பிரார்த்திக்கும் வரியை நான் எடுத்துவிட்டதைப் பார்த்து உங்களுக்குச் சங்கடமாக இருக்கலாம். அக்கா கோயில் குளம் என்று நம்பிக்கையுள்ளவராக இருந்தால் அதைச் சேர்க்கலாம், ஆனால் உண்மையிலேயே பிரார்த்தனை செய்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜார்ஜ்டவுன் குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை போகிறவர் என்றால், "வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் உங்கள் பெயருக்கு அர்ச்சனை செய்தேன், திருநீறு எடுத்து வைத்திருக்கிறேன்" என்று ஒரு வரி போதும். எல்லாம் வல்ல இறைவனைவிட அந்த ஒரு பொட்டலத் திருநீறு அவர் மனதில் நிற்கும். அர்ச்சனைக்கு நட்சத்திரம் வேண்டுமே என்று அக்காவுக்கே செய்தி அனுப்பிக் கேட்காதீர்கள், மகளிடம் கேளுங்கள். தெரியாவிட்டால் பெயரை மட்டும் சொன்னாலும் குருக்கள் செய்வார். நீங்கள் கோயிலுக்குப் போகாதவர் என்றால் இந்த வரியே வேண்டாம்.

இனி ஒரு எச்சரிக்கை. உங்கள் கதையைப் படித்துவிட்டு அக்கா பதிலே போடாமல் விட்டால் அது நல்லதுதான், நீங்கள்தானே வேண்டாம் என்றீர்கள். மறுநாள் "படித்தீர்களா அக்கா?" என்று துரத்தாதீர்கள். ஆனால் பதிலில், "சிரிக்க முடியவில்லை தம்பி, காய்ச்சல் அடிக்கிறது" என்றோ, கண் மஞ்சளாகத் தெரிகிறது என்றோ, வலி குறைவதற்குப் பதில் கூடுகிறது, வாந்தி நிற்கவில்லை என்றோ வந்தால் அடுத்த வேடிக்கையை நிறுத்திவிடுங்கள். பித்தப்பை அறுவைக்குப் பிறகு இவை காத்திருக்கக்கூடாத அறிகுறிகள். பித்தநீர் கசிந்திருக்கலாம், குழாயில் ஒரு கல் தங்கியிருக்கலாம், தொற்று ஏற்பட்டிருக்கலாம். எது என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலை இல்லை. "அக்கா, இப்போதே அறுவை செய்த மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள், நான் மகளையும் கூப்பிடுகிறேன்" என்று எழுதிவிட்டு உண்மையில் மகளைக் கூப்பிடுங்கள். தனக்கு ஒன்றுமில்லை என்று பொறுத்துக்கொள்ளும் பெண்கள், வீட்டில் சொல்லாததைச் சில சமயம் வேலையிடத்துத் தம்பியிடம் போகிற போக்கில் சொல்லிவிடுவார்கள்.

அலுவலகத்தில் எல்லோரும் சேர்ந்து அட்டை ஒன்று வாங்கிக் கையெழுத்துப் போடுவது என்று முடிவானால், உள்ளே அச்சடித்திருக்கும் ஆங்கில வாழ்த்துக்குக் கீழே வெறும் பெயர்களாக நிரப்பாதீர்கள். ஒவ்வொருவரும் இஞ்சி டீயைப் பற்றி ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். யார் இதுவரை எத்தனை கப் கடன், யார் சர்க்கரை கூடக் கேட்டுத் திட்டு வாங்கினார் என்று. அட்டையோடு பணம் வைத்து அங்பாவ் கொடுப்பதென்றால் அதை அக்கா கையில் கொடுக்க வேண்டாம், மகளிடம் கொடுங்கள். வேண்டாம் வேண்டாம் என்று இழுபறி செய்ய அவருக்கு இன்னும் தையல் ஆறவில்லை.